கம்பனிக்காரர் கம்பஸுக்குப் பேச வந்தால் என்ன கேட்பது?

இறுதி வருடம் | பெப்ரவரி 3, இரவு 9.12

வெள்ளிக்கிழமை எங்கள் பீடத்தில் தொழில் வழிகாட்டல் பேச்சு. கொழும்பில் தலைமையகமும் யாழ்ப்பாணத்தில் கிளையும் வைத்திருக்கும் மென்பொருள் கம்பனி ஒன்றிலிருந்து எச்.ஆர். பெண் ஒருவரும் பொறியியலாளர் ஒருவரும் வருகிறார்கள். கடைசியில் கேள்விக்கு இருபது நிமிடம். போன வருடமும் இப்படி ஒன்று நடந்தது. சீனியர் ஒருவர் எழும்பி, "உங்கள் இடத்தில் வேலைச்சுமை எப்படி, வீட்டுக்கு நேரம் கிடைக்குமா?" என்று கேட்டார். "நாங்கள் எல்லாரும் ஒரே குடும்பம்" என்று பதில் வந்தது. பிறகு மேசைப்பந்து விளையாடும் படம் காட்டினார்கள். அங்கே போய்ச் சேர்ந்த இரண்டு பேர் வருடம் முடிய முன்னமே விட்டுவிட்டு வந்துவிட்டார்கள்.

இந்தப் பேச்சுகளால் ஒரு பிரயோசனமும் இல்லை, உண்மை நிலவரம் வெளியே வராது என்பதுதான் என் முடிவு. இல்லை என்பவர்கள் சொல்லுங்கள். சம்பளத்தைப் பற்றி மூச்சும் விடக்கூடாது என்று விரிவுரையாளர் முன்னமே சொல்லிவிட்டார்.

அச்சுவேலியான் | பெப்ரவரி 3, இரவு 10.05

சீனியர் கேட்டது அபிப்பிராயம். கம்பனிச் செலவில் வந்து மேடையில் நிற்பவரிடம் அபிப்பிராயம் கேட்டால் நல்லதைத்தான் சொல்வார். நடந்ததைக் கேட்க வேண்டும். "அண்ணை, போன செவ்வாய்க்கிழமை எத்தனை மணிக்கு வேலை தொடங்கினீர்கள், எத்தனை மணிக்கு லாப்டொப்பை மூடினீர்கள்?" அவர் "வழக்கமாக நாங்கள்..." என்று இழுத்தால், சிரித்த முகத்தோடு "வழக்கத்தை விடுங்கோ, போன செவ்வாய்" என்று திரும்பக் கேளுங்கள். ஒரு குறிப்பிட்ட நாளைப் பற்றி அந்த இடத்திலேயே பொய் கட்டுவது பலருக்கு வராது.

அடுத்தது, கிளையன்ட் எந்த நாடு, அவர்களோடு நாளாந்தக் கூட்டம் எங்கள் நேரப்படி எத்தனை மணிக்கு. இதைக் கேட்டால் பாதிக் கதை வந்துவிடும். நியூயோர்க்கில் காலை 9 மணி என்றால் இப்போது எங்களுக்கு இரவு 7.30. கலிபோர்னியாவில் காலை 9 என்றால் இரவு 10.30. லண்டன் என்றால் பின்னேரம் 2.30, பிரச்சினை இல்லை. அவுஸ்திரேலியா என்றால் விடியப்புறம் எழும்ப வேண்டிவரும். "நெகிழ்வான வேலை நேரம்" என்று சிலைட்டில் போடுவார்கள். காலையில் எத்தனை மணிக்கும் வரலாம், ஆனால் இரவுக் கூட்டத்தைத் தவறவிட முடியாது என்பதற்கும் அதே பெயர்தான்.

இதை எச்.ஆர்.காரரிடம் கேட்காதீர்கள். பொறியியலாளரைப் பார்த்துக் கேளுங்கள்.

மயிலிட்டி | பெப்ரவரி 3, இரவு 10.31

மேசைப்பந்து மேசை இருந்தால் அதன்மேல் தூசு இருக்கிறதா என்று கேட்கவும்.

வெற்றிப்படி | பெப்ரவரி 3, இரவு 11.20

நல்ல கேள்வி தங்கச்சி. முன் வரிசையில் இருங்கள், ஆங்கிலத்தில் கேளுங்கள், உங்கள் பெயரையும் செய்த புரொஜெக்டையும் சொல்லிவிட்டுக் கேளுங்கள். எச்.ஆர். மனதில் முகம் பதியும். நான் அப்படித்தான் இன்டர்ன்ஷிப் எடுத்தேன்.

இறுதி வருடம் | பெப்ரவரி 4, காலை 6.50

அண்ணை, அவர்கள் என்னைப் பிடித்துக்கொள்வதற்கு வழி நான் கேட்கவில்லை. அவர்கள் எப்படிப்பட்டவர்கள் என்று எனக்குத் தெரிய வேண்டும்.

சுன்னாகம் அக்கா | பெப்ரவரி 4, மதியம் 1.15

நான் எச்.ஆர். வேலை செய்தவள். இந்த மாதிரிப் பேச்சுகளுக்குச் சிலைட்டுகளைத் தூக்கிக்கொண்டு போனவள். அச்சுவேலியான் சொன்னது சரி, ஆனால் எச்.ஆரை ஒரேயடியாக ஒதுக்காதீர்கள். எச்.ஆருக்கு மட்டும் தெரிந்த விஷயங்கள் உண்டு. பொறியியலாளருக்குத் தன் குழுவுக்கு வெளியே ஒன்றும் தெரியாது.

என்னிடம் யாராவது கேட்டுவிடுவார்களோ என்று நான் பயந்த கேள்வி ஒன்று: "போன வருடம் இங்கே எடுத்த புதியவர்கள் எத்தனை பேர், அவர்களில் இப்போது எத்தனை பேர் இருக்கிறார்கள்?" கைவசம் அந்தக் கணக்கு எங்களிடம் எப்போதும் இருக்கும். "சரியான எண்ணிக்கை இப்போது தெரியவில்லை" என்று நான் சொன்ன நாளெல்லாம் எண்ணிக்கை நல்லதாக இருக்கவில்லை. பன்னிரண்டில் பத்துப் பேர் இருந்தால் கேட்காமலே சிலைட்டில் போட்டிருப்போமே.

லீவையும் எச்.ஆரிடம்தான் கேட்க வேண்டும். "வருடத்துக்கு 14 நாள் வருடாந்த லீவு, 7 நாள் அமய லீவு" என்று நாங்கள் சொல்வோம். அது கடை, காரியாலய ஊழியர் சட்டத்தில் உள்ளதுதான், கம்பனியின் தாராளம் அல்ல. முதல் வருடத்தில் அந்த 14 கிடையாது என்பதை யாரும் சொல்வதில்லை. சேர்ந்த வருடத்தில் இரண்டு மாதத்துக்கு ஒரு நாள் என்று அமய லீவு மட்டும் சேரும். அடுத்த வருடம் எத்தனை என்பது நீங்கள் சேர்ந்த மாதத்தைப் பொறுத்தது. மார்ச்சுக்குள் சேர்ந்தால் 14, ஒக்டோபரிலோ அதற்குப் பிறகோ சேர்ந்தால் 4. அதனால் கேள்வியை "சேர்ந்த முதல் வருடத்தில் எனக்கு எத்தனை நாள்?" என்று வைக்கவும். சட்டத்துக்கு மேலே கொடுக்கும் கம்பனி உடனே பெருமையாகச் சொல்லும்.

தீபாவளியையும் கேளுங்கள், பகிடி இல்லை. அரச, வங்கி விடுமுறைப் பட்டியலில் இருக்கிறது. தனியார் துறையை உள்ளடக்கும் வர்த்தக விடுமுறையில் தைப்பொங்கல் உண்டு, தீபாவளி இல்லை. யாழ்ப்பாணக் கிளைக்குத் தனியாக விட்டிருக்கிறார்களா, இல்லை கொழும்புப் பட்டியலைத்தான் இங்கேயும் ஒட்டியிருக்கிறார்களா என்பதிலிருந்து கிளைக்கு எவ்வளவு மரியாதை என்று தெரியும்.

மயிலிட்டி | பெப்ரவரி 4, மதியம் 1.40

நல்லூர்த் தேருக்கு லீவு கேட்டதற்கு "எந்தக் கிளையன்ட்?" என்று கொழும்பு மனேஜர் ஒருவர் என்னைக் கேட்டிருக்கிறார்.

வங்கிக்காரன் | பெப்ரவரி 4, இரவு 8.02

சம்பளத் தொகையைக் கேட்க முடியாவிட்டாலும் ஈபிஎப் கட்டுகிறார்களா என்று கேட்கலாம். ஊழியர் 8 வீதம், கம்பனி 12 வீதம், அதோடு ஈடிஎப் 3 வீதம். அடிப்படைச் சம்பளத்துக்கு மட்டும் கட்டினால் போதும், கொடுப்பனவுகளுக்குத் தேவையில்லை. அதுதான் சட்டம்.

பழைய கணக்குப்பிள்ளை | பெப்ரவரி 4, இரவு 9.26

வங்கிக்காரத் தம்பி, வீதங்கள் சரி, கடைசி வசனம் பிழை. 1958ஆம் ஆண்டு ஈபிஎப் சட்டம் "உழைப்பு வருமானம்" என்று பார்க்கிறது. வாழ்க்கைச் செலவுப் படி, சாப்பாட்டின் பெறுமதி, விடுமுறைச் சம்பளம், தரகு எல்லாம் அதற்குள் வரும். ஓவர் டைம் வராது. கம்பனிகள் பல அடிப்படைக்கு மட்டும் கட்டுகின்றன என்பது நடைமுறை. சட்டம் வேறு.

பிள்ளைக்கு விளங்கக் கணக்கு சொல்கிறேன். 90,000 ரூபா சம்பளம் என்று சொல்லி, 40,000 அடிப்படை, 50,000 கொடுப்பனவு என்று பிரித்தால் கம்பனி கட்டுவது 12 வீதம் 4,800, 3 வீதம் 1,200. மொத்தம் 6,000. முழு 90,000க்கும் கட்டினால் 10,800 உம் 2,700 உம், 13,500. மாதம் 7,500 வித்தியாசம், வருடத்துக்கு 90,000. ஒரு மாதச் சம்பளம் போய்விட்டது. ஆனால் புதிதாகச் சேரும் பிள்ளைகளுக்கு அது நட்டமாகத் தெரியாது. அவர்களுடைய 8 வீதமும் 7,200க்குப் பதில் 3,200தான் வெட்டப்படும், கைக்குக் கூட வரும், சந்தோசம்.

ஐந்து வருடம் முடித்தால் வரும் பணிக்கொடையையும் சில இடங்களில் அந்தச் சின்ன அடிப்படையை வைத்துத்தான் கணக்குப் பார்ப்பார்கள். ஆகவே தொகை கேட்கத் தேவையில்லை. "புதியவரின் சம்பளத்தில் எத்தனை வீதம் அடிப்படை? ஈபிஎப் எதற்குக் கட்டுகிறீர்கள்?" என்று கேட்டால் போதும். விரிவுரையாளர் தடுக்க மாட்டார், அவருக்கே அது சம்பளக் கேள்வி என்று விளங்காது.

வங்கிக்காரன் | பெப்ரவரி 4, இரவு 9.50

சரி ஐயா, ஆனால் பெற்றோல் காசு, டேட்டா காசு? அதற்குமா?

பழைய கணக்குப்பிள்ளை | பெப்ரவரி 4, இரவு 10.11

பில் கொடுத்து எடுக்கும் செலவுக் காசு வேறு. பில் இல்லாமல் மாதா மாதம் ஒரே தொகை, அதற்கு "டேட்டா கொடுப்பனவு" என்று பெயர். அதில்தான் பிடுங்குப்படுவார்கள். தொழில் திணைக்களத்து ஆட்களோடு நான் இதில் வாதாடியிருக்கிறேன், இரண்டு பக்கமும் கதை இருக்கிறது.

கே.கே.எஸ். வீதி | பெப்ரவரி 5, காலை 10.44

நீங்கள் எல்லாரும் ஐ.ரி. கதைக்கிறீர்கள். நான் ஹோட்டலில் வரவேற்பு மேசை. எங்களுக்கும் ஒருவர் வந்து பேசினார். "சேவைக் கட்டணத்தோடு நல்லாகக் கைக்கு வரும்" என்றார். சீசன் மாதத்தில் எவ்வளவு, ஆளில்லாத மாதத்தில் எவ்வளவு என்று நான் கேட்கவில்லை. அவர் சொன்னது திருவிழாக் காலத்துத் தொகை. வெளிநாட்டிலிருந்து சனம் வந்து அறையெல்லாம் நிரம்பும் மாதம் அது. மழைக்காலத்தில் என் சம்பளச் சீட்டைப் பார்த்து அம்மா "இது அரை மாதத்துக்கா?" என்றார்.

அச்சுவேலியான் | பெப்ரவரி 5, இரவு 8.30

கே.கே.எஸ். வீதி சொன்னது எங்களுக்கும் பொருந்தும். போனஸ், "செயல்திறன் கொடுப்பனவு" எல்லாம் அப்படித்தான். ஆகக் குறைந்த மாதத்தில் எவ்வளவு வந்தது என்று கேட்டால்தான் நிலவரம் தெரியும்.

முதல் நாள் எழுதியதில் ஒன்று விட்டுப்போனது. டைம்ஷீட். மென்பொருள் கம்பனிகளில் எந்த வேலைக்கு எத்தனை மணி என்று நாங்கள் பதிய வேண்டும், அதை வைத்துத்தான் கிளையன்டுக்குப் பில் போகும். "பதினொரு மணித்தியாலம் வேலை செய்த நாளில் டைம்ஷீட்டில் பதினொன்று போடலாமா?" என்று கேளுங்கள். சில இடங்களில் எட்டுக்கு மேல் போட்டால் மனேஜர் கூப்பிட்டு "எட்டாக்கிவிடு" என்பார். மதிப்பீட்டில் இத்தனை மணிதான் என்று கிளையன்டிடம் ஏற்கெனவே விலை பேசியாயிற்று, அதனால்தான். அந்த மூன்று மணி ஒரு பதிவிலும் இல்லை, அடுத்த புரொஜெக்டுக்கும் அதே குறைந்த மதிப்பீட்டைத்தான் போடுவார்கள். ஓவர் டைம் கொடுப்பார்களா என்று நேரே கேட்டால் "எங்கள் கலாசாரம் வேறு" என்று தப்பிவிடலாம். டைம்ஷீட் கேள்விக்கு அப்படி ஒரு பதில் இல்லை.

இறுதி வருடம் | பெப்ரவரி 6, இரவு 10.18

போய்விட்டு வந்தேன். நடந்ததை நடந்தபடியே எழுதுகிறேன், அர்த்தத்தை நீங்கள் சொல்லுங்கள்.

மண்டபத்தில் எனக்கு இரண்டு கேள்விதான் கிடைத்தது. முதலில் பொறியியலாளரிடம் செவ்வாய்க்கிழமைக் கேள்வி. அவர் சிரித்துவிட்டு எச்.ஆர். பக்கம் திரும்பிப் பார்த்தார். பிறகு "செவ்வாய் கொஞ்சம் விசேஷம், அன்று ரிலீஸ்" என்றார். எத்தனை மணி என்று சொல்லவில்லை. நான் "அப்ப திங்கள்?" என்றேன். மண்டபமே சிரித்தது. "ஒன்பதரை மட்டும் இருந்தேன், ஆனால் பின்னேரம் இரண்டு மணித்தியாலம் வீட்டுக்குப் போய் வந்தேன்" என்றார்.

இரண்டாவது எச்.ஆரிடம். போன வருடம் யாழ்ப்பாணத்தில் எடுத்தவர்கள் பதினொரு பேர், இப்போது இருப்பவர்கள் ஏழு என்றார். தயங்காமல் சொன்னார். நான் எதிர்பார்க்கவில்லை. நான்கு பேர் எங்கே என்று கேட்க முதல் மைக் அடுத்தவரிடம் போய்விட்டது. அவர் கேட்டது நாய்க்குட்டியை அலுவலகத்துக்குக் கொண்டு வரலாமா என்று.

முக்கியமானது வெளியே தேத்தண்ணி மேசையில். எச்.ஆர். டீனோடு கதைத்துக்கொண்டிருந்தார். பொறியியலாளர் கையில் பற்றிஸோடு தனியாக நின்றார். நான் டைம்ஷீட்டைக் கேட்டேன். பற்றிஸைக் கடித்தவர் மென்று முடிக்கும்வரை ஒன்றும் சொல்லவில்லை. பிறகு "யார் தங்கச்சி உமக்கு இதைச் சொல்லித்தந்தது?" என்றார். அவர் குழுவுக்கு அமெரிக்கக் கிளையன்ட், கூட்டம் இரவு 7.30. குழுவில் எட்டுப் பேர், ஆகக் கூடக் காலம் இருப்பவர் அவர்தான், பதினான்கு மாதம். இரவில் பெண் பிள்ளைகள் எப்படி வீட்டுக்குப் போகிறார்கள் என்று கேட்டேன். கூட்டத்துக்கு வீட்டிலிருந்து சேரலாம், ரிலீஸ் நாளில் மட்டும் வான் விடுவார்கள் என்றார். வான் எங்கே மட்டும் போகும்? "டவுனுக்குள்." எங்கள் வீடு பளைக்கு அங்கால்.

பொண்ட் இருக்கிறது. பதினெட்டு மாதத்துக்குள் விட்டுவிட்டுப் போனால் 360,000 ரூபா கட்ட வேண்டும்.

மயிலிட்டி | பெப்ரவரி 6, இரவு 10.40

பற்றிஸ் மெல்லும் நேரத்தையும் டைம்ஷீட்டில் போடலாமா?

சுன்னாகம் அக்கா | பெப்ரவரி 7, காலை 9.05

பதினொன்றில் ஏழு என்று தயங்காமல் சொன்ன எச்.ஆரை எனக்குப் பிடித்திருக்கிறது. நான்கு பேர் போனது கெட்டது என்று உடனே முடிவு கட்டாதீர்கள். இங்கே பல பேர் மேற்படிப்பு, கனடா, கலியாணம் என்று போவார்கள். எப்போது போனார்கள் என்பதைத்தான் கேட்டிருக்க வேண்டும். மூன்று நான்கு மாதத்தில் போனால் வேலை பிழை. பொண்ட் முடிந்த அடுத்த மாதமே போனால் அதுவும் வேலை பிழை, ஆனால் காத்திருந்திருக்கிறார்கள்.

அச்சுவேலியான் | பெப்ரவரி 7, காலை 11.32

அக்கா, போன வருடம் எடுத்தவர்களுக்குப் பதினெட்டு மாதப் பொண்ட் இன்னும் முடிந்திருக்காது. அப்படியென்றால் அந்த நான்கு பேரும் காசு கட்டிப் போனார்களா, கட்டாமல் போனார்களா? இதுதான் இப்போது பெரிய கேள்வி.

எட்டுப் பேரில் பழையவர் பதினான்கு மாதம் என்பது எனக்கு நல்லதாகப் படவில்லை. இரவு எட்டு மணிக்கு ஒன்று உடைந்தால் கேட்பதற்கு அந்தக் குழுவில் மூத்தவர் இல்லை. புதியவரே ஆறு மாதத்தில் "சீனியர்" ஆகிவிடுவார்.

சுன்னாகம் அக்கா | பெப்ரவரி 7, மதியம் 12.10

குழுவே பதினான்கு மாதத்துக்கு முன்தான் தொடங்கியிருக்கலாமே. அப்படியென்றால் அவர் முதல் ஆள், ஒருவரும் ஓடவில்லை. குழு எப்போது தொடங்கியது என்று தெரியாமல் அந்தப் பதினான்கை வைத்து நீங்கள் சொல்வது எனக்கு ஒட்டவில்லை.

அச்சுவேலியான் | பெப்ரவரி 7, மதியம் 12.18

இருக்கலாம். எனக்கு இன்னும் சந்தேகம்தான்.

பழைய கணக்குப்பிள்ளை | பெப்ரவரி 7, இரவு 7.55

பொண்டுக்கு வருவோம். 360,000ஐப் பதினெட்டால் பிரித்தால் மாதம் 20,000. பயிற்சிச் செலவை மீட்பதுதான் நோக்கம் என்றால் நீங்கள் வேலை செய்யும் ஒவ்வொரு மாதமும் 20,000 குறைய வேண்டும். பதினைந்தாம் மாதம் முடித்துப் போனால் மிச்சம் 60,000. குறையாமல் கடைசி நாள் வரைக்கும் முழு 360,000 என்று எழுதியிருந்தால் அது செலவை மீட்க எழுதியதல்ல, ஆளைக் கட்டிவைக்க எழுதியது. ஒப்பந்தத்தில் அந்த ஒரு வரியைத் தேடிப் பாருங்கள்.

பயிற்சி யார் தருகிறார்கள், எத்தனை நாள், வெளியில் காசு கட்டி நடத்துவதா என்றும் கேளுங்கள். சீனியர் பக்கத்தில் இருந்து காட்டித்தருவதற்கு 360,000 ரூபா என்றால் எந்தக் கணக்குப் புத்தகத்திலும் ஏறாது. பட்டச் சான்றிதழின் மூலப்பிரதியை வாங்கி வைக்கிறார்களா என்பதையும் கேளுங்கள். பார்த்துவிட்டுத் திருப்பித் தருவது வேறு, அலுமாரியில் பூட்டுவது வேறு.

வெற்றிப்படி | பெப்ரவரி 7, இரவு 8.20

பொண்ட் எல்லாம் சும்மா, கோர்ட்டில் நிற்காது. பயப்படாமல் சைன் பண்ணுங்கள்.

வங்கிக்காரன் | பெப்ரவரி 7, இரவு 8.41

என் மச்சானுக்கு வக்கீல் கடிதம் வந்தது. நிற்குமோ நிற்காதோ, மாமா நித்திரை கொள்ளவில்லை. பிணைக்குக் கையெழுத்துப் போட்டவர் மாமா. அதையும் கேளுங்கள், பிணையாள் யார், எத்தனை பேர் என்று.

இறுதி வருடம் | பெப்ரவரி 12, இரவு 9.33

நேர்முகத்துக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள், 19ஆம் திகதி. அதற்கு முதல் எச்.ஆருக்கு மின்னஞ்சலில் மூன்று கேள்வி அனுப்பினேன். பொண்ட் தொகை மாதா மாதம் குறையுமா, ஈபிஎப் எதன் மேல், யாழ்ப்பாணக் குழு எப்போது தொடங்கியது. இரண்டு நாளில் பதில் வந்தது.

குழு தொடங்கி இரண்டரை வருடம். (சுன்னாகம் அக்கா, மன்னிக்கவும்.) ஈபிஎப் அடிப்படைச் சம்பளத்தின் மேல், அடிப்படை மொத்தத்தில் அறுபது வீதம். பொண்டைப் பற்றி "நேரில் கதைப்போம்".

சுன்னாகம் அக்கா | பெப்ரவரி 12, இரவு 10.02

மன்னிப்பு எதற்கு. இரண்டரை வருடக் குழுவில் பழையவர் பதினான்கு மாதம் என்றால் முதல் ஆட்கள் ஒருவரும் மிச்சமில்லை. அச்சுவேலியான் சந்தோசப்படலாம். ஆனால் மின்னஞ்சலில் எழுத்தில் பதில் தந்திருக்கிறார்களே, பல கம்பனிகள் அதையும் செய்யாது. போய்க் கதையுங்கள். "நேரில் கதைப்போம்" என்றால் அநேகமாகத் தொகை மாதா மாதம் குறையாது, ஆனால் ஆளைப் பார்த்து இறங்குவார்கள். ஒப்பந்தத்தின் வெற்றுப் பிரதியை வீட்டுக்குக் கொண்டுபோய் வாசிக்கத் தருவார்களா என்று கேளுங்கள். அங்கேயே இருந்து கையெழுத்து வைக்கச் சொன்னால் பேனாவை எடுக்காதீர்கள்.

பழைய கணக்குப்பிள்ளை | பெப்ரவரி 13, காலை 7.15

அறுபது வீதம் நான் பார்த்த பல இடங்களை விட மேல். சரியென்று சொல்லவில்லை, மேல் என்கிறேன்.

இறுதி வருடம் | பெப்ரவரி 13, இரவு 8.48

19ஆம் திகதி இரண்டுதான் கேட்கப்போகிறேன். பொண்ட் குறையுமா, ரிலீஸ் நாள் வான் பளை மட்டும் வருமா. வான் வராவிட்டால் யாழ்ப்பாணத்தில் அறை எடுக்க வேண்டும், பிறகு 90,000 கணக்கெல்லாம் வேறு. இரவு 7.30 கூட்டத்தை வீட்டிலிருந்து சமாளிக்கலாம் என்று நினைக்கிறேன், அப்பாதான் முகத்தைச் சுளிக்கிறார்.

அச்சுவேலியான் | பெப்ரவரி 13, இரவு 9.20

அப்பாவிடம் சொல்லுங்கள், மார்ச் இரண்டாம் ஞாயிறு அமெரிக்காவில் மணிக்கூட்டை மாற்றுவார்கள். அதன்பிறகு கூட்டம் 6.30க்கு வந்துவிடும். நவம்பரில் திரும்ப 7.30.

மயிலிட்டி | பெப்ரவரி 13, இரவு 9.24

கலிபோர்னியாக் கிளையன்ட் வந்தால் அப்பாவிடம் ஒன்றும் சொல்ல வேண்டாம்.